வகுப்புப் படங்களைப் பொதுப் பக்கங்களில் ஏற்றாதீர்கள்: தலைமை ஆசிரியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

இந்த ஆண்டும் எல்லா வகுப்புகளின் குரூப் போட்டோக்களையும் பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்திலும் இணையதளத்திலும் ஏற்றியிருக்கிறீர்கள். அவற்றை எடுத்துவிடும்படி அலுவலகத்தில் நேரில் கேட்டேன், எழுத்திலும் கொடுத்தேன். "வேண்டுமானால் உங்கள் பிள்ளையின் முகத்தை மட்டும் மறைத்துவிடுகிறோம்" என்பதுதான் கிடைத்த பதில். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் என் பிள்ளையோடு மட்டும் நிற்பதில்லை என்பதால், உங்களுக்கும் மற்ற பெற்றோருக்கும் ஒருசேரத் தெரியட்டும் என்று இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன். பள்ளியின் பெயரையோ, உங்கள் பெயரையோ, என் மகளின் பெயரையோ இதில் சொல்லப்போவதில்லை. எதைச் செய்யாதீர்கள் என்று கேட்கிறேனோ அதையே நான் செய்தால் நன்றாக இருக்காது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். படங்கள் ஏறிய சில நாட்களில், மதிய வேளையில் என் கணவருக்கு ஒரு போன் வந்தது. பள்ளியிலிருந்து பேசுவதாகச் சொன்னார் அந்த ஆள். மகளின் பெயர், வகுப்பு, பிரிவு, வகுப்பு ஆசிரியையின் பெயர் எல்லாம் தடங்கலில்லாமல் வந்தன. பிள்ளை மாடிப்படியில் விழுந்து தலையில் அடிபட்டுவிட்டது, மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறோம், ஸ்கேன் எடுக்க உடனே பணம் கட்டச் சொல்கிறார்கள், ஒரு எண் அனுப்புகிறேன் அதற்குப் போட்டுவிடுங்கள் என்றார். பின்னணியில் ஒரு குழந்தை அழும் சத்தமும் கேட்டதாம். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் பணத்தை அனுப்பிவிடுவார்கள். என் கணவரும் அனுப்பும் நிலையில்தான் இருந்தார். அவரை ஒரு கணம் யோசிக்க வைத்தது ஒன்றே ஒன்றுதான். அந்த ஆள் எங்கள் மகளின் பெயரைத் தப்பாகச் சொன்னார். கடைசி எழுத்து வேறு. வீட்டிலும் சரி, பள்ளியிலும் சரி, அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. சந்தேகம் வந்து பள்ளி அலுவலகத்துக்கு அடித்தார். மகள் வகுப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தத் தப்பான பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடினோம். பிறப்புச் சான்றிதழில் இல்லை, சேர்க்கைப் படிவத்தில் இல்லை, மதிப்பெண் அட்டையில் இல்லை. நீங்கள் ஏற்றிய குரூப் போட்டோவின் கீழே, வரிசைப்படி போட்டிருந்த பெயர்ப் பட்டியலில் இருந்தது. தட்டச்சு செய்தவர் கடைசி எழுத்தை மாற்றி அடித்திருந்தார். உலகத்தில் வேறெங்கும் அவள் பெயர் அப்படி எழுதப்படவில்லை. இதற்கு மேல் ஆதாரம் வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, பெயர் படத்திலிருந்து கிடைத்தது. என் கணவரின் போன் நம்பர்? அதையும் தேடிப் பார்த்தோம். ஃபேஸ்புக்கில் அந்தப் படத்துக்குக் கீழே என் மாமியார் ஆசையாக ஒரு கமெண்ட் போட்டிருந்தார்: இரண்டாவது வரிசையில் இடமிருந்து நாலாவது என் பேத்தி. கூடவே மகனையும் டேக் செய்திருந்தார். பாட்டி பேத்தியைப் பார்த்துப் பூரித்ததில் என்ன தப்பு? என் கணவர் சொந்தமாகத் தொழில் செய்பவர். வாடிக்கையாளர்களுக்காக அவர் பக்கத்தில் போன் நம்பர் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறது. அதிலும் தப்பில்லை. படத்திலிருந்து கமெண்டுக்கு, கமெண்டிலிருந்து தகப்பனின் பக்கத்துக்கு, அங்கிருந்து போன் நம்பருக்கு. பூட்டை உடைக்கவோ பாஸ்வேர்டைத் திருடவோ எந்த அவசியமும் இல்லை. இவை எல்லாவற்றையும் கோத்துக் கொடுத்த நூல் அந்தப் படமும் அதன் கீழிருந்த பெயர்ப் பட்டியலும்தான். காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். அந்த ஆள் பேசிய எண் இப்போது அணைந்து கிடக்கிறது.

இணையதளங்களைப் பராமரிப்பது என் தொழில். அதனால், சம்பந்தமே இல்லாத ஒருவர் பார்த்தால் என்ன தெரியும் என்று, எந்தக் கணக்கிலும் உள்நுழையாமல் நம் பள்ளித் தளத்தைத் திறந்து பார்த்தேன். என் மகளின் வகுப்புப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சொல்கிறேன். மூன்று வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். எல்லோரும் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். வெளிச்சம் சீராக இருக்கிறது, யார் முகத்தையும் யாரும் மறைக்கவில்லை. நல்ல போட்டோகிராபர், வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். சிக்கலே அதுதான். விளையாட்டு விழாப் படத்தில் பாதி முகங்கள் திரும்பியிருக்கும், கலங்கியிருக்கும். குரூப் போட்டோ எடுப்பதே ஒவ்வொரு முகமும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. அதன் கீழே வகுப்பு, பிரிவு, கல்வியாண்டு, ஆசிரியையின் பெயர். அப்புறம் "நிற்பவர்கள், இடமிருந்து வலம்" என்று தொடங்கி முப்பத்தாறு பெயர்கள். முகம் ஒட்டிய வருகைப் பதிவேட்டைத் தெருவோரச் சுவரில் ஒட்டிவைத்தது போலத்தான் இது. வருகைப் பதிவேட்டை யாராவது அலுவலகத்தில் வந்து கேட்டால், நீங்கள் யார், எதற்கு என்று விசாரிக்காமல் கொடுப்பீர்களா?

சில பெற்றோர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். உண்மையைச் சொன்னால், இந்தப் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அட்டையில் இருக்கும் சிறிய எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. பள்ளியின் முத்திரை மட்டும் புரிகிறது. ஆனால் முகங்களின் கதை வேறு. தளத்தில் ஏற்றியிருப்பது போட்டோகிராபர் கொடுத்த அசல் கோப்பு, 6000 பிக்சல் புள்ளி அகலம். வரிசையில் பன்னிரண்டு பேர் என்றால் ஒரு பிள்ளைக்கு 500 புள்ளி. அதில் முகம் மட்டும் 150 புள்ளிக்குக் குறையாமல் வருகிறது. இன்று பரவலாகப் புழங்கும் முக அடையாள மென்பொருள்களில் பல, முகத்தை 112 புள்ளி அகலம், 112 புள்ளி உயரம் கொண்ட சதுரமாகச் சுருக்கித்தான் வேலையையே தொடங்குகின்றன. ஆக, ஒரு பிள்ளையின் முகத்தை இன்னொரு படத்தோடு ஒப்பிட எவ்வளவு தேவையோ அதைவிடக் கூடுதலாகவே நாம் கொடுத்திருக்கிறோம். போதாததற்குப் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

ஃபேஸ்புக் ஏற்றும் படத்தைச் சுருக்கிவிடும் என்பதால் அங்கே முகங்கள் இவ்வளவு தெளிவாக இருக்காது. ஆனால் அங்கே கமெண்ட், டேக், ஷேர் எல்லாம் இருக்கின்றன. பள்ளித் தளத்தில் தெளிவு, ஃபேஸ்புக்கில் உறவுமுறை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்குக் குறையே இருக்காது.

"இதையெல்லாம் யார் உட்கார்ந்து தேடப்போகிறார்கள்?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். தேடுவதற்கு ஆள் உட்கார வேண்டியதே இல்லை, ஐயா. பொதுவில் இருக்கும் படங்களையும் அவற்றை விவரிக்கும் வரிகளையும் இயந்திரங்கள் தாமாகவே அள்ளிக்கொண்டு போகின்றன. LAION-5B என்ற பெயரில் கிட்டத்தட்ட 585 கோடிப் படங்களின் இணைப்புகளும் அவற்றின் விவரணைகளும் அடங்கிய ஒரு தொகுப்பு 2022ஆம் ஆண்டில் வெளியானது. படம் உருவாக்கும் மென்பொருள்களைப் பழக்குவதற்காக இணையத்திலிருந்து திரட்டியது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2024ஆம் ஆண்டில் அதில் ஒரு மிகச் சிறிய துணுக்கை மட்டும் சோதித்துப் பார்த்தது. பிரேசில், ஆஸ்திரேலியா நாடுகளின் குழந்தைகளுடைய படங்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அதில் ஒரு படத்தில், மூன்று வயதும் நான்கு வயதுமான இரண்டு பையன்கள் கையில் தூரிகையோடு ஒரு வண்ணச் சுவரோவியத்தின் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். படத்தோடு இருந்த வரியில் அவர்களுடைய முழுப் பெயர்கள், வயது, படிக்கும் மழலையர் பள்ளியின் பெயர் மூன்றும் இருந்தன. அந்தப் பிள்ளைகளைப் பற்றி இணையத்தில் வேறு எங்கும் எந்தத் தகவலும் இருப்பதாகத் தெரியவில்லை என்றும் அந்த அமைப்பு எழுதியிருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு ஏற்றிய படம் போலத் தெரியவில்லை. நீங்களும் கெட்ட எண்ணத்தோடு ஏற்றவில்லை.

என் புகாருக்குப் பிறகு அலுவலகம் என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. முதலில், பெயர்ப் பட்டியலில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்தினார்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். எங்களைக் காப்பாற்றிய ஒரே பிழையைச் சரிசெய்துவிட்டார்கள். அடுத்து யாராவது போன் செய்தால் பெயரைச் சரியாகவே சொல்வார்.

நான் மறுபடி போய்க் கேட்டதும், என் மகளின் முகத்தின் மேல் ஒரு மஞ்சள் சிரிப்புப் பொம்மையை ஒட்டிப் படத்தை மாற்றி ஏற்றினார்கள். பெயர் அப்படியே இருந்தது. முப்பத்தைந்து முகங்களுக்கு நடுவே ஒரு பொம்மை முகம் இருந்தால் எல்லோர் கண்ணும் எங்கே போகும்? மறுநாள் அவள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். நீ என்ன தப்புப் பண்ணினாய், உன்னை மட்டும் ஏன் அழித்துவிட்டார்கள் என்று வகுப்பில் கேட்டிருக்கிறார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை இதற்கு என்ன பதில் சொல்லும்?

அதுவும் போகட்டும். பழைய படம் போய்விட்டதா என்று பார்த்தேன். போகவில்லை. நம் தளம் ஓடுவது வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில். அதில் ஒரு பக்கத்திலிருந்து படத்தை எடுத்துவிட்டால், பக்கத்தில்தான் தெரியாமல் போகும். கோப்பு சர்வரில் இருக்கும் ஊடகத் தொகுப்பில் அப்படியே கிடக்கும். நேரடி முகவரி தெரிந்தால் யாரும் திறக்கலாம். ஏற்றும்போதே அது ஒரே படத்துக்குப் பல அளவுகளில் நகல்களும் எடுத்து வைத்துக்கொள்ளும். பெரிய படமாக இருந்தால், 2560 புள்ளிக்குச் சுருக்கிய ஒரு நகலைப் பக்கத்தில் காட்டிவிட்டு, அசலைத் தனியாக வைத்திருக்கும். காட்டும் நகலின் பெயரில் `-scaled` என்று ஒரு ஒட்டு இருக்கும். முகவரியில் அதை மட்டும் நீக்கிவிட்டால் அசல் வந்து நிற்கும். நான் நீக்கிப் பார்த்தேன், வந்தது. பொம்மை ஒட்டாத முகத்தோடு, முழுத் தெளிவோடு.

கூகுளில் பள்ளியின் பெயரையும் மகளின் பெயரையும் சேர்த்துத் தேடினால் அந்தப் படத்தின் சிறு வடிவம் இன்னமும் வருகிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் படங்களைத் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கக் கோரும் வசதியைக் கூகுள் 2021ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்துவிட்டது. பிள்ளையோ பெற்றோரோ விண்ணப்பிக்கலாம். நான் விண்ணப்பித்துவிட்டேன். ஆனால் அது தேடலில் வருவதைத்தான் நிறுத்தும். தளத்தில் இருக்கும் கோப்பை அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் கோப்பை அழிக்கக்கூடியவர்கள் நீங்கள் மட்டுமே. ஏற்கெனவே சேமித்துக்கொண்டவர்களிடம் இருக்கும் நகலை யாராலும் அழிக்க முடியாது. ஏற்றாமல் இருப்பதுதான் முழுத் தீர்வு, பிறகு எடுப்பது பாதித் தீர்வு என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

"வேண்டாம் என்பவர்கள் சொல்லட்டும், அவர்கள் பிள்ளையை மட்டும் நீக்கிவிடுவோம்" என்ற ஏற்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஏற்பாடு யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்குத்தான் உதவாமல் போகிறது.

வேறொரு வகுப்பில் படிக்கும் பிள்ளையின் தாய் என்னிடம் பேசினார். அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன், யார் என்று ஊகிக்க முடியாதபடி மாற்றியும் இருக்கிறேன். அடித்துத் துன்புறுத்திய கணவரிடமிருந்து விலகி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, ஊர் மாறி, வீடு மாறி, நம்பர் மாற்றி வாழ்கிறார். அந்த ஆளுக்குப் பிள்ளையின் பெயர் தெரியும், முகம் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று: எந்தப் பள்ளி என்பது. அதைத்தான் குரூப் போட்டோ சொல்லிவிடுகிறது. எந்த வகுப்பு என்பதும் தெரிந்துவிட்டால், அந்த வகுப்பு எந்த நேரத்தில் விடும், எந்த வாசலில் காத்திருக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க அரை நாள் போதும். "அலுவலகத்தில் போய்ச் சொல்லியிருக்கலாமே" என்று நான் கேட்டேன். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், காரணத்தைச் சொன்னால் அது ஆசிரியர் அறைக்குப் போகும், அங்கிருந்து பெற்றோர் குழுவுக்குப் போகும், அப்புறம் பிள்ளையை எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்றார். ஆண்டுதோறும் படம் எடுக்கும் நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவ் போட்டுவிடுகிறார். இந்த ஆண்டு தேதி மாறியது அவருக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஒளிந்து வாழ வேண்டிய கட்டாயத்தில் இருப்பவரைப் பார்த்து, "நீ ஒளிந்திருக்கிறாய் என்று முதலில் எங்களிடம் அறிவி" என்கிறது இந்த ஏற்பாடு. பெற்றோருக்குள் பிள்ளை யாரிடம் இருப்பது என்று வழக்கு நடக்கும் வீடுகளுக்கும், தத்துப்பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கும் இதே பாடுதான். பள்ளிக்குத் தெரியாத காரணங்கள் பல வீடுகளில் இருக்கும். எல்லாவற்றையும் பள்ளி தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. யாரும் எதையும் விளக்காமலேயே பாதுகாப்பு கிடைக்கும்படி வழக்கத்தை மாற்றுவதுதான் சரி.

சேர்க்கையின்போது நாங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகவும் நினைவூட்டினார்கள். அந்தப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். கட்டணம், சீருடை, வருகை விதிகளுக்கு நடுவில், "பள்ளியின் நிகழ்வுப் படங்களைப் பள்ளி பயன்படுத்திக்கொள்ளலாம்" என்று ஒரு வரி இருக்கிறது. எங்கே, எதற்கு, எத்தனை காலம், பெயரோடா பெயர் இல்லாமலா என்று ஒன்றும் இல்லை. மொத்தப் படிவத்துக்கும் கீழே ஒரே ஒரு கையெழுத்து. அந்த வரிக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்ல இடமே கிடையாது. சொன்னால் சேர்க்கை கிடைக்குமா என்ற பயம் வேறு. இதைச் சம்மதம் என்று கொள்ள முடியுமா? அதுவும் சம்மதம் கொடுத்தவர்கள் பெற்றோர், முகம் பிள்ளையுடையது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு, அந்தரங்கம் குழந்தையின் சொந்த உரிமை என்று சொல்கிறது. அது உங்கள் கையிலோ என் கையிலோ இல்லை. நாம் அதற்குக் காவல் மட்டும்தான்.

படங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் நான்காம் வகுப்புக் குரூப் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் பாதிப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது, ஆனாலும் பார்க்கப் பிடிக்கும். அது எங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தது, ஊருக்கெல்லாம் தெரியவில்லை. என் மகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும். பெற்றோர்கள் ஆசையாகக் கேட்கிறார்கள் என்று நீங்கள் சொல்வதும் உண்மைதான். ஆனால் அவர்கள் கேட்பது படத்தை. அதை உலகமே பார்க்க வேண்டும் என்று யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

சேர்க்கைக்கு விளம்பரம் தேவை என்கிறீர்கள். அதுவும் புரிகிறது. ஆனால் பிள்ளையைச் சேர்க்க வரும் ஒருவர் முப்பத்தாறு பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைப் பார்த்து முடிவெடுப்பாரா? ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகளின் கைகள் செய்யும் வேலை, அவர்கள் வரைந்த படங்கள், பின்னாலிருந்து எடுத்த வகுப்பறை, மைதானம், நூலகம் இவையெல்லாம் பள்ளியைப் பற்றி அதைவிட நிறையச் சொல்லும். போன ஆண்டு அறிவியல் கண்காட்சியில் பிள்ளைகள் செய்த நீர் வடிகட்டியை மட்டும் காட்டி ஒரு படம் போட்டீர்கள். பக்கத்திலேயே அதிகம் பேர் பகிர்ந்தது அந்தப் படம்தான் என்று நினைக்கிறேன்.

இனி என் கோரிக்கைகள்.

இந்த ஆண்டுப் படங்களை மட்டும் எடுத்தால் போதாது. பழைய ஆண்டுகளின் வகுப்புப் படங்களையும் ஃபேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம், இணையதளம் மூன்றிலிருந்தும் எடுக்க வேண்டும். இணையதளத்தில் பக்கத்திலிருந்து நீக்குவதோடு நிறுத்தாமல், ஊடகத் தொகுப்பிலிருந்தே அசலையும் எல்லா நகல்களையும் நிரந்தரமாக அழிக்க வேண்டும். அழித்த பிறகு அந்த முகவரிகளைத் திறந்து பார்த்து, எதுவும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கூகுளின் காலாவதியான உள்ளடக்க நீக்கப் படிவத்தில் அவற்றைக் கொடுக்க வேண்டும். இதற்கு உங்கள் அலுவலகத்தில் ஆள் இல்லையென்றால், கட்டணம் எதுவும் இல்லாமல் நானே வந்து உட்கார்ந்து செய்துகொடுக்கிறேன்.

இனிமேல் குரூப் போட்டோவை அச்சிட்டு அந்தந்த வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள். கோப்பாக வேண்டும் என்பவர்களுக்கு, அந்த வகுப்பின் பெற்றோர் மட்டும் தங்கள் கணக்கில் நுழைந்து பார்க்கும்படி ஓர் ஆல்பம் வையுங்கள். "லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்" என்ற அமைப்பு இதற்கு ஆகாது. அந்த லிங்க்கை ஒருவர் எங்காவது போட்டுவிட்டால் கதவு திறந்தது திறந்ததுதான். முந்நூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவும் ஆகாது. பெயர்ப் பட்டியல் அச்சிட்ட படத்தின் பின்புறம் இருக்கட்டும், கோப்பில் வேண்டாம்.

ஃபேஸ்புக் பக்கத்தில் பார்வையாளர்களைக் கட்டுப்படுத்திக்கொள்ளலாமே என்று உங்கள் ஊழியர் ஒருவர் சொன்னார். வயது, நாடு வாரியாக ஓரளவு கட்டுப்படுத்தலாம். நம் பெற்றோர் மட்டும் பார்க்கும்படி ஒரு பக்கத்தை அமைக்க முடியாது. பக்கம் என்பதே பொதுவுக்கானது. அதனால் வகுப்புப் படங்களுக்கு அந்த வழியையே மறந்துவிடுங்கள்.

மற்ற நிகழ்வுப் படங்களைப் பொதுவில் போடும்போது ஒரே ஒரு விதியைக் கடைப்பிடித்தால் போதும்: முகம் இருந்தால் பெயர் வேண்டாம், பெயர் இருந்தால் முகம் வேண்டாம். பரிசு வாங்கிய பிள்ளையின் பெயரைப் போட வேண்டுமா, கோப்பையின் படத்தைப் போடுங்கள். நிகழ்வு நடக்கும்போதே நேரலையாக ஏற்றாமல், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு ஏற்றுங்கள்.

போட்டோகிராபரோடு எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போடுங்கள். படங்களைத் தன் ஸ்டுடியோ பக்கத்தில் மாதிரியாகப் போடக்கூடாது, பள்ளியிடம் ஒப்படைத்த பிறகு குறிப்பிட்ட காலத்துக்குள் தன்னிடம் இருப்பதை அழித்துவிட வேண்டும் என்று அதில் இருக்கட்டும். நம் பள்ளிப் பக்கத்தை நீங்கள் சுத்தம் செய்தாலும், அதே படங்கள் அவருடைய பக்கத்தில் இப்போதும் இருக்கின்றன. ஆசிரியர்கள் தங்கள் சொந்தப் போனில் எடுக்கும் படங்களுக்கும் ஒரு வரையறை வேண்டும். அவற்றைத் தங்கள் ஸ்டேட்டஸில் வைப்பது அன்பினால்தான் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் வேண்டாம்.

சம்மதப் படிவத்தைச் சேர்க்கைப் படிவத்திலிருந்து தனியாகப் பிரித்துவிடுங்கள். எந்த வகைப் படம், எங்கே, எவ்வளவு காலம் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கட்டும். எதையும் குறிக்காமல் கொடுத்தால் வேண்டாம் என்றே பொருள் கொள்ளுங்கள், காரணம் கேட்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கேளுங்கள், இடையில் மனம் மாறினால் மாற்றிக்கொள்ள விடுங்கள். மேல் வகுப்புகளில் பிள்ளையிடமும் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்ன பிள்ளையைப் படம் எடுக்கும்போது ஓரமாக நிற்க வைக்கவோ, முகத்தில் பொம்மை ஒட்டவோ கூடாது. அந்தப் பிள்ளை இருக்கும் படத்தைப் பொதுவில் ஏற்றாமல் விடுங்கள், அவ்வளவுதான்.

எங்களுக்கு வந்தது போன்ற போன் மற்ற வீடுகளுக்கும் வரலாம் என்று எல்லாப் பெற்றோருக்கும் இந்த வாரமே ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். பள்ளி ஒருபோதும் போனில் பணம் கேட்காது, அவசரம் என்றால் இன்ன எண்ணிலிருந்து மட்டுமே அழைக்கும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். முப்பத்தாறு பெயர்கள் என் மகளின் வகுப்பில் மட்டும். பள்ளி முழுக்க எத்தனை என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இவற்றில் எதை எந்தத் தேதிக்குள் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்பதை அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கூட்டத்தில் இதைப் பேசுவதற்கு நேரமும் ஒதுக்குங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால், இந்த மடலோடு மற்ற பெற்றோரின் கையெழுத்துகளையும் சேர்த்து நிர்வாகக் குழுவிடமும் கல்வித்துறை அதிகாரியிடமும் கொடுப்போம். மகளின் படம் இருக்கும் கோப்புகளின் முகவரிகள் முழுவதையும் தனிக் கடிதமாக உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். அவற்றை அழிப்பதற்கு மட்டும் கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம், இன்றே செய்யுங்கள்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்